லாக்கரில் பார்சல் எடுக்க முடியவில்லையா? கெடு முடியும் முன்னும் முடிந்த பின்னும் செய்ய வேண்டியவை

கூரியர் உங்கள் பார்சலை லாக்கரின் ஓர் அறையில் வைத்து, கோடு ஒன்றை அனுப்பி, ஒரு கெடுவுக்குள் எடுத்துக்கொள்ளச் சொல்லும். அந்தக் கெடு முடிந்தாலும் பார்சல் அந்த நொடியே அனுப்பியவரிடம் திரும்பிவிடுவதில்லை. மூன்று படிகள் இருக்கின்றன. முதலில் உங்களுக்கு வந்த பிக்கப் கோடு செல்லாமல் போகும். பார்சல் மட்டும் அதே அறையில் பூட்டிக் கிடக்கும். அடுத்து, கூரியர் ஊழியர் தன் சுற்றில் வரும்போது அந்த அறையைத் திறந்து, பார்சலை எடுத்து, ஸ்கேன் செய்து டிப்போவுக்குக் கொண்டுபோவார். மூன்றாவதாக, டிப்போவில் அதற்கு ரிட்டர்ன் ஸ்கேன் விழும். அதற்குப் பிறகு அது விற்பனையாளருக்குப் போகும் பார்சல்.

இந்த மூன்றில் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் யாரைக் கூப்பிடுவது என்பது அமையும். முதல் இரண்டு படிகளில் லாக்கரை நடத்தும் கூரியர் நிறுவனத்திடம் பேச வேண்டும். மூன்றாவதில் கூரியரால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது, விற்பனையாளரிடம்தான் போக வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, பார்சல் இன்னும் லாக்கரிலேயே இருக்கும் நேரத்தை விற்பனையாளரின் மின்னஞ்சல் பதிலுக்காகக் காத்திருந்து வீணாக்குகிறார்கள்.

கீழே உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் பகுதிக்குப் போங்கள். எதுவானாலும் டிராக்கிங் எண், லாக்கரின் எண் அல்லது பெயர், வந்த அறிவிப்புச் செய்தி மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெடு இருக்கிறது, ஆனால் லாக்கர் கோடை ஏற்கவில்லை

முதலில் நீங்கள் அழுத்துவது பிக்கப் கோடுதானா என்று பாருங்கள். ஒரே செய்தியில் ஆர்டர் எண், டிராக்கிங் எண், கோடு எல்லாம் சேர்ந்து வரும்போது மாறிப்போவது சகஜம். அஞ்சல் வழி வரும் வெளிநாட்டுப் பார்சலின் டிராக்கிங் எண் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், மறுபடி இரண்டு எழுத்து என்று 13 இடங்கள் கொண்டது. லாக்கர் கேட்பது அதைவிடச் சின்னது. ஒரே நாளில் இரண்டு பார்சல் வந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு இருக்கும். கோடை மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தால் சில இடங்களில் பழையது செல்லாது, கடைசியாக வந்ததுதான் வேலை செய்யும்.

கோடு சரி என்றால், நிற்கும் இடம் சரியா? நீங்கள் தேர்ந்தெடுத்த லாக்கரில் காலி அறை இல்லாவிட்டாலோ, பார்சல் அறையைவிடப் பெரிதாக இருந்தாலோ கூரியர் அதைப் பக்கத்தில் இருக்கும் வேறு லாக்கரிலோ பிக்கப் கடையிலோ வைத்துவிடுவார். ஆர்டர் பக்கத்தில் பழைய முகவரியே இருக்கும், அறிவிப்புச் செய்தியில் மட்டும் புதிய இடம் இருக்கும். அந்தச் செய்தியில் இருக்கும் முகவரியைத்தான் நம்ப வேண்டும்.

க்யூஆர் கோடு படிக்கவில்லை என்றால் திரையின் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டுங்கள், அப்படியும் படிக்காவிட்டால் எண்ணைக் கையால் அழுத்துங்கள். திரையே இல்லாத லாக்கர்கள் ப்ளூடூத் வழியாக உங்கள் போனோடு பேசுபவை. அவற்றுக்கு ப்ளூடூத் இயங்க வேண்டும், ஆப்புக்கு இருப்பிட அனுமதி வேண்டியிருக்கலாம், லாக்கருக்கு மிக அருகில் நிற்கவும் வேண்டும். பேட்டரி சேமிப்பு நிலை இந்த இணைப்பைத் துண்டிக்கக்கூடும், அதை அணைத்துவிட்டு முயலுங்கள்.

ஒரு எச்சரிக்கை: தவறான கோடைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். சில லாக்கர்கள் சில முயற்சிகளுக்குப் பின் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும்.

லாக்கரே இயங்கவில்லை என்றால் நிலைமை வேறு. திரை இருண்டிருக்கிறது, அல்லது Out of service என்று காட்டுகிறது. இங்கே நாளைக்கு வரலாம் என்று திரும்பிவிடுவதுதான் ஆபத்து, ஏனென்றால் லாக்கர் இயங்காத நேரத்திலும் கெடுவின் கடிகாரம் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். அது தானாக நீளும் என்று எண்ணாதீர்கள். லாக்கர் எண்ணும் திரையும் தெரியும்படி ஒரு படம் எடுத்து, அங்கேயே நின்று கூரியருக்குப் புகார் பதியுங்கள். கெடுவை நீட்டித்துத் தரும்படி கேளுங்கள். புகார் எண்ணை வாங்காமல் அழைப்பை முடிக்காதீர்கள். பின்னால் பார்சல் திரும்பிப்போனால், நீங்கள் கெடுவுக்குள் வந்தீர்கள் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.

கோடை ஏற்றது, கதவு திறக்கவில்லை. அல்லது அறை காலி

லாக்கர் கோடை ஏற்ற அந்தக் கணத்திலோ, கதவு மூடும் கணத்திலோ, பார்சல் கொடுக்கப்பட்டதாகப் பதிவாகும். எது என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். ஆகவே இந்த இரண்டு நிலைமையிலும் இடத்தை விட்டு நகராமல் இருப்பதுதான் முக்கியம்.

டிக் என்று சத்தம் கேட்டும் கதவு திறக்கவில்லை என்றால், உள்ளே திணித்து வைத்த பார்சல் கதவைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். கதவை உள்நோக்கி மெதுவாக அழுத்தியபடி, ஆப்பிலோ திரையிலோ மறுபடி திறக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அந்த வசதி சில நிமிடங்களே இருக்கலாம். எந்தக் கதவு திறந்தது என்று தெரியாவிட்டால் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை நன்றாகப் பாருங்கள்; கால் மட்டத்தில் இருக்கும் அறை திறந்திருப்பதைக் கவனிக்காமல் போகிறவர்கள் உண்டு. திறக்கவே இல்லை என்றால் அங்கிருந்தே உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பல லாக்கர்களின் அறைகளைத் தொலைவிலிருந்தே அவர்களால் திறக்க முடியும்.

கதவு திறந்து உள்ளே ஒன்றும் இல்லையா? மூடாதீர்கள். அறை எண்ணும் காலியான உள்பக்கமும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள், அறையின் பின்மூலைவரை கைவிட்டுப் பாருங்கள், தட்டையான உறைகள் இருட்டில் தெரியாது. பிறகு கதவு திறந்திருக்கும்போதே கூப்பிடுங்கள். வீட்டுக்குப் போய் மாலையில் சொன்னால், திறந்தீர்கள், மூடினீர்கள், எடுத்தீர்கள் என்றுதான் அவர்கள் பதிவு சொல்லும். அதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

அறிவிப்பே வரவில்லை, டிராக்கிங்கில் மட்டும் Ready for pickup

ஆர்டரில் கொடுத்த போன் எண் பழையதாக இருக்கலாம், மின்னஞ்சல் ஸ்பேமில் விழுந்திருக்கலாம், ஆப்பின் அறிவிப்புகள் அணைந்திருக்கலாம். கூரியரின் ஆப்பில் டிராக்கிங் எண்ணைச் சேர்த்து, ஆர்டரில் உள்ள எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால் பல இடங்களில் கோடு அங்கேயே தெரியும். அந்த எண்ணே உங்களிடம் இல்லை என்றால் மட்டும் கூரியரை அழைத்து மாற்ற வேண்டும். பாதுகாப்புக் காரணமாக, அந்த மாற்றம் விற்பனையாளர் வழியாக வர வேண்டும் என்று அவர்கள் சொல்லலாம். அப்படியானால் அன்றைக்கே விற்பனையாளருக்கு எழுதிவிடுங்கள்.

இங்கே கெடுவை எண்ணுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடிகாரம் ஓடத் தொடங்குவது கூரியர் பார்சலை அறையில் வைத்து ஸ்கேன் செய்த நேரத்திலிருந்து. செய்தி உங்களுக்கு எப்போது வந்தது, எப்போது படித்தீர்கள் என்பது கணக்கில் வராது. கால அளவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: போலந்தில் இன்போஸ்ட் லாக்கர்களில் வழக்கமாக 48 மணி நேரம், அமேசான் லாக்கரில் பொதுவாக 3 நாள், ஜெர்மனியில் டிஹெச்எல் பாக்ஸ்டேஷனில் 7 நாள். கடைக் கவுண்டர்களில் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாக வைத்திருப்பார்கள், ஏனென்றால் அங்கே காலி அறை என்ற நெருக்கடி இல்லை.

3 நாள் என்று போட்டிருந்தாலும் அதற்கு ஒரே பொருள் இல்லை. திங்கள் காலை 11:40க்குப் பார்சல் அறைக்குள் போனது என்று வையுங்கள். மணிக்கணக்கில் எண்ணும் அமைப்பில் கெடு வியாழன் காலை 11:40க்கு முடியும். வைத்த நாளையும் சேர்த்து எண்ணினால் புதன் நள்ளிரவு. மறுநாளிலிருந்து எண்ணினால் வியாழன் நள்ளிரவு. வேலை நாள் மட்டும் என்றால் நடுவில் வரும் விடுமுறை இன்னும் தள்ளும். ஆகவே நாளை எண்ணாதீர்கள்; செய்தியிலோ டிராக்கிங் பக்கத்திலோ கடைசித் தேதியும் நேரமும் இருக்கிறதா என்று தேடுங்கள். நேரம் போடாமல் தேதி மட்டும் இருந்தால், அந்தத் தேதிக்கு முந்தின நாளே போய்விடுங்கள். கடை வழியாக எடுப்பதென்றால் கடைசி நாளில் கடை திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடை மூடியிருந்ததற்காகக் கெடு தானாக நீளாது.

போக முடியாது என்று முன்பே தெரிந்தால் நீட்டிப்பைக் கேட்க வேண்டிய நேரம் கெடுவுக்கு முன்புதான். சில நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆப்பிலேயே நீட்டிக்கின்றன, சில ஒரு முறை மட்டும் இலவசமாகத் தருகின்றன, சில தருவதே இல்லை. தருவதே இல்லை என்றால் கோடை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லலாம். அடையாளம் கேட்காத லாக்கரில், கோடு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பெறுபவர்.

கெடு முடிந்துவிட்டது, ஆனால் டிராக்கிங்கில் பார்சல் இன்னும் லாக்கரில்

இதுதான் மீட்க வாய்ப்புள்ள நிலைமை, நேரம் மிகக் குறைவாக உள்ள நிலைமையும் இதுதான். மேலே சொன்ன திங்கட்கிழமைப் பார்சலையே எடுத்துக்கொள்வோம். 72 மணி நேரம் என்று எண்ணும் லாக்கர். நீங்கள் வியாழன் மாலை 7 மணிக்குப் போய் நிற்கிறீர்கள். கோடு அழுத்தினால் Code expired என்று வருகிறது. டிராக்கிங்கில் கடைசிப் பதிவு இன்னும் திங்கள் 11:40, Ready for pickup.

இதிலிருந்து தெரிவது, நிறுவனம் உங்கள் கோடை நிறுத்திவிட்டது, ஆனால் பார்சலை எடுத்ததாக ஸ்கேன் எதுவும் இல்லை. பார்சல் அநேகமாக அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கூரியர் ஊழியரின் கைக்கருவியில் எடுக்க வேண்டியவற்றின் பட்டியலில் அது சேர்ந்திருக்கும். அவர் புதுப் பார்சல்களை வைக்க அடுத்த முறை வரும்போது, முதலில் கெடு முடிந்தவற்றை எடுத்து அறைகளைக் காலி செய்வார். அது நாளைக் காலையாகவே இருக்கலாம்.

அங்கிருந்தபடியே லாக்கர் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். சாட் வசதி இருந்தால் அதையே விரும்புவேன், பேசியது எழுத்தில் இருக்கும். கேட்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: "டிராக்கிங் எண் இது, லாக்கர் எண் இது. கெடு இன்று காலை முடிந்தது. இன்னும் எடுக்கப்படவில்லை என்று காட்டுகிறது. நான் லாக்கர் முன்னால்தான் நிற்கிறேன். கோடை மறுபடி இயக்க முடியுமா?" முன்னால் நிற்கிறேன் என்பதைச் சொல்லத் தவறாதீர்கள், பத்து நிமிடத்தில் முடியும் வேலை என்று அவர்களுக்குப் புரியும். சில நிறுவனங்களில் ஊழியர் கோடை மறுபடி இயக்கிவிடுவார். வேறு சிலவற்றில், அவர் நினைத்தாலும் அமைப்பு விடாது.

விடாது என்றால் பேச்சை அங்கே நிறுத்தாமல் இரண்டாவது கேள்விக்குப் போங்கள்: "எடுத்த பார்சல் எந்த டிப்போவுக்குப் போகும்? திருப்பி அனுப்பும் முன் அங்கே எத்தனை நாள் இருக்கும்? நானே வந்து வாங்கலாமா, அல்லது வேறு பிக்கப் இடத்துக்கு அனுப்புவீர்களா?" சில நிறுவனங்கள் டிப்போவில் சில நாள் வைத்திருக்கின்றன. அங்கே நேரில் போக அனுமதி உண்டு என்றால், புகைப்பட அடையாள அட்டையும் டிராக்கிங் எண்ணும் கொண்டுபோங்கள். கோடு செத்துவிட்டதால், நீங்கள்தான் அந்தப் பெயருக்கு உரியவர் என்பதை இனி அட்டைதான் சொல்ல வேண்டும். போகும் முன் டிராக்கிங்கில் டிப்போ வருகை ஸ்கேன் விழுந்ததா என்று பாருங்கள். விழாமல் போனால் பார்சல் இன்னும் வண்டியிலேயே இருக்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: லாக்கருக்கு அருகே காத்திருந்து, வரும் கூரியர் ஊழியரிடம் கையில் கேட்பது. அவர் கருவியில் அந்தப் பார்சல் ரிட்டர்ன் என்று பதிவாகியிருக்கும். கொடுத்தால் அவர் கணக்கில் ஒரு பார்சல் காணாமல் போகும். அவருடைய வேலைக்கு ஆபத்து வரும் காரியத்தை அவரிடம் கேட்பது நியாயமில்லை.

கடைக் கவுண்டரில் தர மறுக்கிறார்கள்

கெடு முடிந்திருந்தால் கடைக்காரரோடு வாதாடிப் பயனில்லை. பார்சல் அவர் பின்னால் அலமாரியில் கண்ணுக்குத் தெரிந்தாலும், அவர் ஸ்கேன் செய்தால் கருவி ஒப்படைப்பை ஏற்காது. அவர் கூரியரின் ஊழியர் அல்ல, கெடுவை மாற்றும் அதிகாரமும் அவருக்கு இல்லை. ஒரே ஒரு உதவியை மரியாதையாகக் கேட்கலாம்: கூரியர் வண்டி எத்தனை மணிக்கு வரும்? அது தெரிந்தால் கூரியரைக் கூப்பிட்டு நீட்டிப்புக் கேட்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நீட்டிப்பு கிடைத்தால் அதே கருவி அதே பார்சலை ஏற்கும்.

கெடு இருந்தும் மறுத்தால் பெரும்பாலும் பெயர்ப் பிரச்சினை. ஆர்டரில் செல்லப்பெயரோ நிறுவனத்தின் பெயரோ கொடுத்திருந்து, அட்டையில் முழுப்பெயர் இருந்தால் சிக்கல்தான். ஆர்டர் உறுதி மின்னஞ்சலைக் காட்டுங்கள். அதிலும் ஒத்துவராவிட்டால் கூரியர் வழியாகப் பெறுநர் பெயரைத் திருத்தச் சொல்லுங்கள். பொருளுக்கோ சுங்கத்துக்கோ பணம் பாக்கி இருந்தால் அதைச் செலுத்தும் வரை கடைக்காரரின் கருவி விடாது. அங்கே பணம் கட்ட வசதி உண்டா, ஆப்பில் கட்ட வேண்டுமா என்று செய்தியிலேயே இருக்கும்.

டிராக்கிங்கில் Return to sender

இனி கூரியரைத் தொந்தரவு செய்வதில் நேரம்தான் போகும். வழியில் மறிக்க முடியுமா என்று ஒரு முறை கேளுங்கள், முடியாது என்றால் விட்டுவிடுங்கள். பார்சலைத் திருப்பிவிடும் உரிமை பெரும்பாலும் அனுப்பியவருக்குத்தான் இருக்கிறது, பெறுபவருக்கு இல்லை.

விற்பனையாளருக்கு அன்றே எழுதுங்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதுங்கள்: மறுபடி அனுப்ப வேண்டுமா, ஆர்டரை ரத்து செய்து பணம் வேண்டுமா? பெரிய தளங்கள் பெரும்பாலும் மறுபடி அனுப்புவதில்லை. பொருள் கிடங்குக்கு வந்ததும் ரத்து செய்து பணத்தைத் திருப்புவார்கள், வேண்டுமானால் புதிதாக ஆர்டர் செய்ய வேண்டும். சின்ன விற்பனையாளர்கள் மறுபடி அனுப்பச் சம்மதிப்பார்கள், ஆனால் இரண்டாவது முறைக்கான கூரியர் செலவை உங்களிடம் கேட்கக்கூடும். போய்வந்த செலவைப் பணத்தில் கழிப்பார்களா என்பது அவர்களின் விதியைப் பொறுத்தது.

எடுக்காமல் விட்டாலே ரத்து ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதியில்கூட, இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலக்கிக்கொள்ள வாங்கியவர் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். பார்சலை வாங்காமல் இருப்பது மட்டும் அந்த அறிவிப்பு ஆகாது. வேறு எங்கே இருந்தாலும் ஒரு வரி எழுதிவைப்பது உங்களுக்கே நல்லது. பொருளைப் பெறும்போது பணம் தருவதாகச் சொல்லி ஆர்டர் செய்திருந்தால் திருப்பித் தர ஒன்றும் இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப எடுக்காமல் விட்டால் சில தளங்கள் அந்த வசதியையே உங்கள் கணக்கிலிருந்து நிறுத்திவிடும்.

வெளிநாட்டிலிருந்து அஞ்சல் வழி வந்த பார்சலில் இன்னொரு ஆபத்து உண்டு. அனுப்பும்போது நிரப்பும் படிவத்தில், கொடுக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்று அனுப்புபவர் குறிக்கும் இடம் இருக்கிறது. திருப்பி அனுப்பு என்றும் குறிக்கலாம், கைவிடப்பட்டதாகக் கொள் என்றும் குறிக்கலாம். திருப்பி அனுப்பும் செலவுக்குப் பயந்து இரண்டாவதைக் குறித்திருந்தால் பொருள் திரும்பியே போகாது. அனுப்பியவர் தெரிந்தவர் என்றால், இதை உடனே அவரிடம் கேளுங்கள்.

ரிட்டர்ன் ஸ்கேன் விழுந்து நாள்கள் போயும் பணம் வரவில்லை என்றால் அதே டிராக்கிங் எண்ணை மறுபடி பாருங்கள். சில நிறுவனங்களில் ரிட்டர்னுக்குப் புது எண் போடுவார்கள், அதைப் பழைய எண்ணின் பக்கத்திலேயே காணலாம், இல்லாவிட்டால் கூரியரிடம் கேட்டு வாங்கலாம். அனுப்பியவரிடம் ஒப்படைத்ததாகத் தேதியோடு பதிவு இருந்தால், அந்தப் பக்கத்தின் படத்தை விற்பனையாளருக்கு அனுப்புங்கள். அதற்குப் பிறகும் பொருள் வரவில்லை என்றால், அதைத் தேடுவது விற்பனையாளருக்கும் கூரியருக்கும் இடையேயான வேலை. பதிவு நடுவழியில் நின்றுபோயிருந்தால், அனுப்பியவர்தான் கூரியரிடம் தேடல் புகார் பதிய முடியும், அதைப் பதியச் சொல்லி எழுதி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.